டாலர் கடன், ஸ்வாப், ஹெட்ஜ் மெமோ: இந்த மாதம் வந்த கேள்விகள்

நான் தணிக்கை செய்யும் நிறுவனத்தில், டாலர் கடனை ரூபாய்க் கடன்போல மாற்றும் கரன்சி ஸ்வாப்பை ஏப்ரல் 5-ல் போட்டார்கள், அது அந்தக் கடனுக்கான பாதுகாப்பு என்று குறிக்கும் ஹெட்ஜ் மெமோவை ஆகஸ்ட் 12-ல்தான் எழுதினார்கள். "ஏப்ரல் தேதியே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும்" என்கிறார் நிதி மேலாளர். என்ன சொல்வது?

முடியாது என்று சொல்லுங்கள். இண்ட் ஏஎஸ் 109 கணக்குத் தரநிலையின்படி, கடனுக்கும் ஸ்வாப்புக்குமான ஹெட்ஜ் உறவைக் குறித்து எழுதி வைக்கும் நாளிலிருந்துதான், இரண்டின் லாப நட்டத்தையும் ஒரே காலத்தில் காட்டும் ஹெட்ஜ் அக்கவுண்டிங் ஓடும், பின்னோக்கிப் போகாது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஸ்வாப்பின் மதிப்பு 70 லட்சம் ஏறியிருந்தால் அந்த 70 லட்சமும் நேராக லாப நட்டக் கணக்குக்குத்தான் போகும்.

அதோடு முடியாது. ஆகஸ்டில் உறவு தொடங்கும்போது ஒப்பிடுவதற்கான கற்பனை ஸ்வாப் பூஜ்ஜிய மதிப்பில் தொடங்கும், கையில் இருக்கும் ஸ்வாப்போ 70 லட்சத்தோடு நிற்கும். அந்த வித்தியாசத்தால் பின்னாலும் கொஞ்சம் பொருந்தாமை வரும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

முன்தேதியிட்டது எப்படிப் பிடிபடும் என்றால், பெரும்பாலும் அற்ப விஷயங்களில்தான். கையெழுத்துப் போட்ட அதிகாரி ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார், மெமோவில் ஜூலையில் நிர்ணயமான வட்டி விகிதம் இருக்கும், கோப்பின் உருவாக்கத் தேதி வேறாக இருக்கும். நான் மெமோவின் பிடிஎஃப்பை மட்டும் வாங்குவதில்லை, அதை அனுப்பிய முதல் மின்னஞ்சலையும் கேட்பேன்.

1 கோடி டாலர் கடன் முழுவதையும் ஸ்வாப்பால் மூடியிருக்கிறார்கள். டாலர் 83-லிருந்து 85 ஆனது. ஹெட்ஜ் ரிசர்வ் மைனஸ் 60 லட்சம் காட்டுகிறது. நல்ல ஹெட்ஜில் இப்படி வருமா?

வரும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பாகத் திருத்திவிடுகிறார்கள்.

கடனை ஆண்டு இறுதி விலையில் மாற்றியதில் லாப நட்டக் கணக்கில் 2 கோடி நட்டம். ஸ்வாப்பின் மதிப்போ 1.40 கோடி மட்டுமே ஏறியிருக்கிறது. டாலர் ஏறியதால் 2 கோடி லாபம் வந்தது, நிலையான ரூபாய் வட்டி கட்டும் ஸ்வாப் என்பதால் ரூபாய் வட்டி இறங்கியதில் 60 லட்சம் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவு முழுதாகப் பொருந்துகிறது என்றால் 1.40 கோடி முதலில் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் ஓசிஐ வழியாக ஹெட்ஜ் ரிசர்வுக்குப் போகும். பிறகு அங்கிருந்து 2 கோடியை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் ஈடுகட்ட வேண்டிய நட்டம் 2 கோடி. ஆக ரிசர்வில் மைனஸ் 60 லட்சம் மிஞ்சும், கடன் முடிவதற்குள் அது வட்டியோடு சேர்ந்து தானாகக் கரையும்.

மைனஸைப் பார்த்துப் பயந்து 1.40 கோடியை மட்டும் எடுத்து மீதி 60 லட்சத்தை லாப நட்டக் கணக்கில் விட்டால், ஹெட்ஜ் அக்கவுண்டிங் எடுத்ததே வீண். கடனின் அசலுக்கு மட்டும் என்றால் அது இல்லாமலே இரண்டு பக்கமும் ஓரளவு ஈடாகிவிடும், இந்த வட்டிப் பகுதியின் ஆட்டத்தைத் தள்ளி வைக்கத்தான் இவ்வளவு காகிதமும். அந்த மைனஸ் தொகை திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தால் மட்டும் உடனே லாப நட்டக் கணக்குக்கு எடுக்க வேண்டும்.

ஸ்வாப்பின் மதிப்பு மாற்றம் கடனுடைய மாற்றத்தில் 80-125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற சோதனை மெமோவில் இருக்கிறது. சரியா?

பழைய தரநிலையான ஐஏஎஸ் 39 காலத்து மெமோவை நகல் எடுத்திருக்கிறார்கள். இப்போது அந்த எல்லை கிடையாது. கடனுக்கும் ஸ்வாப்புக்கும் பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா, எதிர்த்தரப்பு வங்கியின் கடன் அபாயம் மதிப்பை ஆட்டிப்படைக்கிறதா, ஹெட்ஜ் விகிதம் உண்மையில் மூடிய அளவைக் காட்டுகிறதா, இந்த மூன்றையும்தான் பாருங்கள். பொருந்தாமை எங்கிருந்து வரலாம் என்றும் மெமோவில் எழுதியிருக்க வேண்டும், அந்தப் பத்திதான் வழக்கமாகக் காணாமல் போயிருக்கும்.

ஸ்வாப்பின் சந்தை மதிப்பைக் காட்டி வங்கி அனுப்பிய எம்டிஎம் அறிக்கையை நிறுவனத்தின் டிரெஷரி கொடுத்தது. அது போதுமா?

போதாது. முதலில், அது டிரெஷரி கைவழியாக வந்த காகிதம். வங்கியிடம் நீங்களே நேரடியாக உறுதிப்படுத்தல் வாங்குங்கள், நிலுவை இல்லை என்று நிறுவனம் சொல்லும் வங்கிகளிடமும் கேளுங்கள், மறைந்திருக்கும் டீல் அங்கேதான் இருக்கும். அப்புறம், அந்த மதிப்பை வங்கி எப்படிக் கணக்கிட்டது, எதிர்த்தரப்பு அபாயத்தைச் சேர்த்ததா என்பது பெரும்பாலும் அறிக்கையில் இருக்காது. டீல் உறுதிச்சீட்டில் இருக்கும் தேதிகள், வட்டி, அசல் ஆகியவற்றை எடுத்து, வேறொரு மூலத்திலிருந்து வாங்கிய ஃபார்வர்ட் விலைகளை வைத்து நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

ஸ்வாப்புக்குப் பதில் செலவு குறைவு என்று கால் ஸ்பிரெட் எடுத்தார்கள். டாலரை 83 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை வாங்கி, 88 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை விற்றது. இதுவும் ஹெட்ஜா?

நிகரமாக பிரீமியம் கட்டியிருந்து, விற்ற அளவு வாங்கிய அளவைத் தாண்டாமல் இருந்தால் குறித்து வைக்கலாம், நிகரமாக பிரீமியம் வாங்கியிருந்தால் முடியாது. ஆனால் பாதுகாப்பு 83-88 வரைதான், டாலர் 90 ஆனால் அந்த 2 ரூபாய் திறந்தே கிடக்கும். மெமோ "முழுக்க ஹெட்ஜ் செய்யப்பட்டது" என்று சொன்னால் திருத்தச் சொல்லுங்கள். நிதி அறிக்கையின் அந்நியச் செலாவணி அபாயக் குறிப்பிலும் அதே வாக்கியம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.