பார்வை மூன்று மடங்கு, ஆர்பிஎம் பாதி: பணம் எங்கே போனது?

கேள்வி: சார், என் யூடியூப் சேனலில் வீட்டுத்தோட்ட வீடியோவும் போடுகிறேன், சிறு வணிகர்களுக்குக் கணக்கு மென்பொருள் பாடமும் போடுகிறேன். முந்தைய மாதம் 1,30,000 பார்வைக்கு ஆர்பிஎம் 1.43 டாலர் இருந்தது. போன மாதம் ஒரு தோட்ட வீடியோ நன்றாக ஓடி 4,30,000 பார்வை வந்தது, ஆனால் ஆர்பிஎம் 0.74 ஆகிவிட்டது. எனக்குச் சேர வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டார்களா? தோட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பாடம் மட்டும் போடலாமா? தவணையில் ஒரு கேமரா வாங்கவும் யோசிக்கிறேன். இரண்டு மாத விவரத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: யாரும் குறைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய விவரப்படி முந்தைய மாதம் உங்கள் வருமானம் 186 டாலர், போன மாதம் 320 டாலர். ஆர்பிஎம் என்பது மொத்த வருமானத்தை மொத்தப் பார்வையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிய சராசரி, அவ்வளவுதான். இரண்டு வகை வீடியோக்களையும் சேர்த்து எடுத்த சராசரி அது. அதனால் முதலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முந்தைய மாதம் தோட்டத்துக்கு 1,00,000 பார்வை, 60 டாலர். ஆயிரத்துக்கு 0.60. கணக்குப் பாடத்துக்கு 30,000 பார்வை, 126 டாலர். ஆயிரத்துக்கு 4.20. போன மாதம் தோட்டம் 4,00,000 பார்வையில் 200 டாலர், அதாவது 0.50. கணக்குப் பாடம் அதே 30,000 பார்வையில் 120 டாலர், அதாவது 4.00.

இப்போது ஒரு சோதனைக் கணக்கு. ஆயிரத்துக்கான வருமானம் இரண்டு வகையிலும் துளியும் மாறாமல், தோட்டப் பார்வை மட்டும் 4,00,000 ஆகியிருந்தால் என்ன வந்திருக்கும்? தோட்டத்துக்கு 240, பாடத்துக்கு 126, மொத்தம் 366 டாலர். அதை 4,30,000 பார்வைக்குப் பிரித்தால் ஆர்பிஎம் 0.85. ஆக, 1.43இலிருந்து 0.85 வரை விழுந்தது வெறும் கலவை மாறியதால்தான். குறைவாகத் தரும் பார்வைகள் கூட்டத்தில் அதிகமாகிவிட்டன. 0.85இலிருந்து 0.74க்கு வந்த சிறு பகுதி மட்டுமே உண்மையான இறக்கம். அதில் பெரும்பங்கு தோட்ட வீடியோவுடையது. ஒரு வீடியோ பரவலாக ஓடும்போது வழக்கமான பார்வையாளர்களைத் தாண்டிப் பல நாட்டு மக்களிடம் போகும். எட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் போகிறவர்களும் அதில் அதிகம். அப்படி ஓடிய மாதத்தில் ஆயிரத்துக்கு பத்து சென்ட் குறைவது கவலைப்பட வேண்டிய விஷயமில்லை.

சரி, தோட்டத்துக்கு 0.50, கணக்குப் பாடத்துக்கு 4.00. இந்த எட்டு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தலைப்பினால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

விளம்பரம் கொடுப்பவர் ஆயிரம் முறை விளம்பரம் காட்டப்பட்டதற்குத் தரும் தொகை சிபிஎம். யூடியூப் தன் பங்கை எடுப்பதற்கு முந்தைய தொகை அது. நீளமான வீடியோவில் வரும் விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஆர்பிஎம்மோ பங்கு போன பிறகு உங்களுக்கு நின்றது, அதுவும் விளம்பரமே வராத பார்வைகளையும் சேர்த்து வகுத்தது. உங்கள் தோட்ட வீடியோவில் ஆயிரம் பார்வைக்கு ஏறக்குறைய 600 முறைதான் விளம்பரம் ஓடியிருக்கிறது, சிபிஎம் 1.50 டாலர். அப்படியென்றால் விளம்பரதாரர் கொடுத்தது 0.90, உங்கள் பங்கு 0.50. கணக்குப் பாடத்தில் ஆயிரம் பார்வைக்கு 1,200 முறை விளம்பரம், சிபிஎம் 6 டாலர். கொடுத்தது 7.20, உங்கள் பங்கு ஏறக்குறைய 4. எட்டு மடங்கில் நான்கு மடங்கு விளம்பர விலையால் வந்தது. மீதி இரண்டு மடங்கு, விளம்பரம் எத்தனை முறை ஓடியது என்பதால் வந்தது.

முதலில் விலை. ஒவ்வொரு பார்வைக்கும் நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. யார் எவ்வளவு கேட்க முடியும் என்பதை அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் லாபம் தீர்மானிக்கிறது. விதை விற்பவருக்கு ஒரு விற்பனையில் 2 டாலர் மிஞ்சுகிறது, விளம்பரம் பார்க்கும் ஆயிரத்தில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆயிரம் விளம்பரத்துக்கு 2 டாலருக்கு மேல் கொடுத்தால் நஷ்டம். கணக்கு மென்பொருள் விற்பவருக்குச் சந்தாவில் 100 டாலர் மிஞ்சுகிறது. பத்தாயிரத்தில் ஒருவர் வாங்கினாலே அவர் ஆயிரத்துக்கு 10 டாலர் வரை போகலாம். கவனியுங்கள், விதை வாங்குகிறவர்கள் பத்து மடங்கு அதிகம். ஆனாலும் ஏலத்தில் விதைக்காரர் தோற்கிறார். மக்களுக்கு எது அதிகம் பிடிக்கிறது என்பதற்கும் ஆர்பிஎம்முக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போவது இதனால்தான்.

இந்த ஏலம் நடப்பது பெரும்பாலும் பார்க்கிறவர் மேல், வீடியோவின் மேல் அல்ல. நேற்று வீட்டுக்கடன் தேடிய ஒருவர் இன்று உங்கள் தோட்ட வீடியோவைப் பார்த்தால் அங்கே கடன் விளம்பரம் வரலாம். அதே போல, உங்கள் கணக்குப் பாடத்தை ஒரு கல்லூரி மாணவர் தேர்வுக்காகப் பார்த்தால் மென்பொருள் நிறுவனத்துக்கு அவரால் பயன் குறைவு. நாடும் அப்படித்தான். வாங்கும் சக்தியும் விளம்பரப் போட்டியும் அதிகமுள்ள நாட்டிலிருந்து வரும் பார்வைக்கு அதே வீடியோவிலேயே பல மடங்கு கிடைக்கும். யூடியூப் ஸ்டுடியோவில் `Advanced mode` போய் `Geography` எடுத்து, ஒரே ஒரு பாட வீடியோவுக்கு நாடு வாரியாக ஆர்பிஎம் பாருங்கள். தலைப்பு ஒன்றாகவே இருக்கும்போது பார்வையாளர் மாறினால் எவ்வளவு மாறும் என்பது உங்கள் எண்களிலேயே தெரிந்துவிடும்.

தலைப்பும் ஒன்று, ஆளும் ஒருவர் என்றாலும் அந்த ஆளைத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் விலை விழும். குழந்தைகளுக்கான வீடியோக்களில் நடந்தது அதுதான். 2019இல் அமெரிக்க அரசுடன் 17 கோடி டாலர் அபராதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின், 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் தனிநபர் விருப்பம் பார்த்து விளம்பரம் காட்டுவது நின்றது. யாரென்று தெரியாத பார்வையாளருக்கு ஏலத்தில் போட்டி குறையும்.

அடுத்தது, விளம்பரம் எத்தனை முறை ஓடுகிறது. உங்கள் பாடங்கள் இருபது நிமிடம், தோட்ட வீடியோக்கள் ஐந்தாறு நிமிடம். எட்டு நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோவில்தான் நடுவில் விளம்பரம் வைக்கலாம். இதற்காக ஐந்து நிமிட விஷயத்தை எட்டு நிமிடத்துக்கு இழுக்காதீர்கள். பார்வையாளர் நடுவிலேயே போய்விட்டால் நடு விளம்பரமும் போய்விடும். நாளை ஷார்ட்ஸ் போட ஆரம்பித்தால் அதற்குப் பங்கீடே வேறு முறை, ஆயிரத்துக்கு வருவது மிகக் குறைவு. அதையும் மொத்த ஆர்பிஎம்மில் கலந்து பார்த்துவிட்டு மறுபடி பதறாதீர்கள்.

இனி தோட்டத்தை விடலாமா என்ற கேள்வி. இதற்கு ஆர்பிஎம் பதில் சொல்லாது, உங்கள் உழைப்பு நேரம் சொல்லும். மாதம் எட்டு தோட்ட வீடியோ, ஒன்றுக்கு 6 மணி நேரம், மொத்தம் 48. பாடம் இரண்டு, ஒன்றுக்கு 15 மணி நேரம், மொத்தம் 30. முந்தைய மாதம் தோட்டம் மணிக்கு 1.25 டாலர் தந்தது, பாடம் 4.20. போன மாதம் தோட்டம் 4.17, பாடம் 4.00. ஆர்பிஎம்மில் எட்டு மடங்கு பின்தங்கிய தோட்டம், ஒரு வீடியோ ஓடிய மாதத்தில் மணிக்கு வரும் தொகையில் பாடத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அப்படி ஓடுவது எப்போது என்று சொல்ல முடியாது. பாடத்துக்கு வேறு குணம். போன மாத 120 டாலரில் புதிதாகப் போட்ட இரண்டு பாடத்தின் பங்கு 15 டாலர்தான், மீதியெல்லாம் பழைய பாடங்கள் தந்தவை. மக்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். இன்று போடும் பாடத்தின் பலன் மாதக்கணக்கில் வரும்.

அதற்காக முழுவதும் அங்கே தாவ வேண்டாம். அந்த மென்பொருளைக் கற்க விரும்புகிறவர்கள் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டுவிட்டால் புதுப் பாடம் உங்கள் பழைய பாடத்தின் பார்வையைத்தான் எடுத்துக்கொள்ளும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு இதைச் சரியாகக் கணிக்கவில்லை. அதிக ஆர்பிஎம்மை எதிர்பார்க்கும் பார்வையால் பெருக்கி ஒரு வருமானம் எழுதிக் கொடுத்தேன். ஆர்பிஎம் நான் சொன்னபடியே நின்றது, பார்வைதான் வரவில்லை. அவர் அதை நம்பி வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தார். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

ஆகவே மூன்று தோட்ட வீடியோவைக் குறையுங்கள். மிச்சமாகும் 18 மணி நேரத்தில் மாதம் ஒரு பாடம் கூடுதலாகப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து ஆர்பிஎம்மை விட்டுவிட்டு, எல்லாப் பாடங்களின் மொத்த மாதப் பார்வை 30,000ஐத் தாண்டி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் இன்னும் கொஞ்சம் நகரலாம். அங்கேயே நின்றால் வேறு மென்பொருள், அல்லது அதே வணிகருக்குத் தேவைப்படும் வேறு பாடம் எடுக்க வேண்டும்.

கேமராவை இப்போது தவணையில் வாங்காதீர்கள். ஆண்டுக் கடைசியில் விளம்பரச் செலவு கூடி ஆர்பிஎம் ஏறும், ஜனவரியில் சட்டென்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் இன்னும் ஒரு முழு ஆண்டு பார்க்கவில்லை. திரையில் தெரியும் வருமானத்தில் வரிப் பிடித்தம் கழிக்கப்பட்டிருக்காது. கணக்கில் 100 டாலர் சேராத மாதம் பணம் வெளியே வரவும் வராது, தவணையோ ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும். போன மாதம் கூடுதலாக வந்த 134 டாலரைத் தனியே வையுங்கள். மேலும் நல்ல கேமராவால் ஏலத்தில் யாரும் அதிக விலை கேட்கப்போவதில்லை. உங்கள் பாடத்தில் திரையும் குரலும்தான் இருக்கின்றன. அந்தத் தொகைக்குள் ஒரு நல்ல மைக் வாங்கினால் இருபது நிமிடம் கேட்பவருக்குச் சிரமம் குறையும்.