நாற்பது யோசனைகளில் எது முதலில்?

"கடைகளுக்கான பில்லிங் ஆப் நடத்துகிறேன். நாற்பது அம்சங்கள் வரிசையில் நிற்கின்றன. எதை முதலில் எடுப்பது?"

ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பலன் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். உழைப்பை நீங்களே கணிக்காதீர்கள். டெவலப்பர் சோதனையையும் சேர்த்து நாள்கணக்கில் சொல்லட்டும். பலனுக்கு, போன மாதம் எத்தனை கடைகள் அதைக் கேட்டன என்று எண்ணுங்கள். அப்புறம் பலனை உழைப்பால் வகுங்கள்.

பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதியை 60 கடைகள் கேட்டு, வேலை 3 நாள் என்றால் மதிப்பெண் 20. கிளைவாரி ஸ்டாக் கணக்கை 90 கடைகள் கேட்டாலும், 30 நாள் பிடித்தால் 3தான். சரி, வாட்ஸ்அப் முதலில்.

ஆனால் இப்படியே போனால் சின்ன வேலைகளே ஜெயித்துக்கொண்டிருக்கும். கிளைக் கணக்கு இல்லாததால் சந்தாவை நிறுத்துகிறவர்கள் இருந்தால், அந்த வேலையைத் துண்டாக்குங்கள். ஸ்டாக்கைப் பார்க்க மட்டும் ஒரு திரை 5 நாளில் முடியுமென்றால், அதற்குத் தனியாக மதிப்பெண் போடுங்கள்.