வன்னியில் ஏர்டேக் வேலை செய்யுமா?

கேள்வி: கனடாவில இருந்து அக்கா ஒரு ஏர்டேக் அனுப்பியிருக்கிறா. என்னட்ட இருக்கிறது அன்ட்ராய்ட் போன். மோட்டார் சைக்கிள் திறப்பில கொழுவலாம், கொழும்புக்குப் போகேக்க பையிலயும் போடலாமெண்டு யோசிக்கிறன். ஒட்டுசுட்டான் பக்கம் இது வேலை செய்யுமா?

பதில்: ஏர்டேக் என்பது தொலைந்த பொருளைத் தேட ஆப்பிள் செய்யும் சின்ன டேக். உங்கள் அன்ட்ராய்ட் போனில் அதைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு ஐபோனோ ஐபாடோ வேண்டும். அக்கா தன் பெயரில் பதிந்து அனுப்பியிருந்தால் இடத்தை அவர்தான் பார்க்கலாம். பொருள் தொலைந்த நேரத்தில் அவர் ஒரு இணைப்பு அனுப்பினால் நீங்கள் உலாவியில் பார்க்கலாம், அவ்வளவுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. வேறொருவருடைய டேக் உங்களோடு திரிவதாக உங்கள் போன் எச்சரிக்கும், டேக்கும் இடையிடையே சத்தம் போடும். யாரையும் களவாகப் பின்தொடராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஏர்டேக்கை வீட்டில் ஐபோன் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியில் Find Hub என்று, அதாவது அன்ட்ராய்டுக்கான கூகுளின் தேடும் வலையமைப்பின் பெயர், போட்ட டேக் ஒன்றை வாங்குங்கள்.

ஆனால் எந்த டேக் வாங்கினாலும், அதற்குள் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. தான் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. புளூடூத்தில் ஒரு குறியீட்டை விட்டுவிட்டு ஒலிபரப்பும், அதுதான் அதன் முழு வேலை. பக்கத்தால் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தன்னுடைய இடத்தைப் பூட்டி நிறுவனத்தின் சேர்வருக்கு அனுப்பும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி உங்கள் போனில்தான் இருக்கிறது. பக்கத்தால் போனவருக்கும் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது. ஏர்டேக்கை ஐபோன்கள் கேட்கும், Find Hub டேக்கை அன்ட்ராய்ட் போன்கள் கேட்கும், ஒன்றுக்கொன்று உதவாது. ஐபோன் குறைவான நம்முடைய ஊர்களில் அன்ட்ராய்ட் பக்கம் நிற்பதுதான் புத்தி.

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுளின் வழக்கமான அமைப்பு With network in high-traffic areas only என்பது. தனியே ஒரு போன் கண்டதை அது சொல்லாது; பல போன்கள் கண்டால்தான் இடத்தைக் காட்டும். வவுனியா பஸ் நிலையத்தில் இது பிரச்சினையில்லை. வயல் வரம்பில் விழுந்த திறப்புக்கு, மாலையில் ஒரே ஒருவர் சைக்கிளில் போனால் எதுவும் வராது. போனின் Settings-இல் Google பகுதிக்குள் Find Hub போய், Find your offline devices என்பதில் With network in all areas தெரிவு செய்யலாம். உங்கள் போனில் மட்டும் மாற்றினால் போதாது. திறப்பைக் காணப்போகிறது மற்றவர்களின் போன் என்பதால், வீட்டார், அயலார், பக்கத்து வயல்காரர் போன்களிலும் மாற்ற வேண்டும். அவர்களின் புளூடூத்தும் லொக்கேஷனும் போட்டிருக்கவும் வேண்டும். பற்றரி மிச்சம் பிடிக்க லொக்கேஷனை நிற்பாட்டி வைத்திருக்கும் போன் கண்டும் பிரயோசனமில்லை.

பையை இப்படிப் பாருங்கள். கொழும்பிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வருகிறீர்கள், விடிய ஐந்து மணிக்கு ஒட்டுசுட்டானில் இறங்குகிறீர்கள், பை பஸ்ஸிலேயே போய்விட்டது. வரைபடத்தில் புள்ளி ஒட்டுசுட்டான் சந்தியில், நேரம் 5.02 என்று காட்டும். உடனே சந்தியில் தேடப் போகாதீர்கள். அந்தப் புள்ளி உங்கள் சொந்தப் போன் பையைக் கடைசியாகக் கேட்ட இடம். பஸ் தள்ளிப் போனதும் தொடர்பு அறுந்தது. அடுத்த புள்ளி பயணிகள் யாருடைய போனாவது கேட்டு, அதற்கு டேட்டா கிடைத்த பிறகு வரும். முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் சனம் கூடும்போது வர வாய்ப்பு அதிகம். எனவே புள்ளியை விட அதன் நேரத்தைப் பாருங்கள். நேரம் புதிதாகி இடமும் மாறினால், பை பஸ்ஸோடு போகிறது. நேரம் அப்படியே நின்றால், பை அங்கே கிடக்கிறது என்று அர்த்தமில்லை, யாரும் கேட்கவில்லை என்றே அர்த்தம். எப்படியும் பஸ்காரரின் இலக்கத்தை வாங்கி வைப்பது இந்த டேக்கை விட வேகமானது.

திறப்புக்கு நான் பெரும்பாலும் வலையமைப்பை நம்பமாட்டேன். வந்த வழியால் மெல்ல நடந்து போங்கள். போன் டேக்கோடு இணைந்தவுடன் சத்தம் போடச் செய்யலாம். வெட்டவெளியில் சில பத்து மீட்டர் தூரத்தில் அகப்படும்; சேற்றுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ புதைந்தால் தூரம் நன்றாகக் குறையும். சத்தம் சின்னது, அதனால் உழவு மெஷின் ஓடாத நேரம் பார்த்துப் போங்கள்.

வாங்கிய பிறகு வீட்டுக்குள் வைத்துச் சோதித்தால் எப்போதும் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் உங்கள் போனே கேட்கிறது. டேக்கை வேறொருவரிடம் கொடுத்து மாங்குளம் வரை போய்வரச் சொல்லுங்கள். அவர் தன் போனின் புளூடூத்தை நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய போனே உதவிவிடும். நீங்கள் வீட்டிலிருந்து எந்தெந்த இடத்தில் புள்ளி புதுப்பிக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி வராத இடங்கள்தான் உங்கள் திறப்பைக் கவனமாக வைத்திருக்க வேண்டிய இடங்கள்.