சேய் எப்போது தாயை எட்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மாலிப்டினம்-99 ஜெனரேட்டரில் டெக்னீசியம்-99எம் உச்சம் அடைய எத்தனை மணி நேரம் ஆகும்? ஆறு மணி நேரத்தில் மறுபடி கறக்கலாமா?

பதில்: தாயான மாலிப்டினத்தின் அரை ஆயுட்காலம் 66 மணி, சேயான டெக்னீசியத்தினுடையது 6 மணி. அவற்றை முறையே λ₁, λ₂ என்னும் சிதைவு மாறிலிகளாக்கி t = ln(λ₂/λ₁)/(λ₂−λ₁) என்பதில் இட்டால் ஏறக்குறைய 23 மணி வரும். ஆறு மணியில் கறந்தால் அந்த உச்சத்தில் 60 சதவீதம் கிடைக்கும். உச்சத்திற்குப் பின் சேயின் சிதைவு வீதம் குறைவதைச் சமநிலைக் குலைவு எனக் கருத வேண்டாம். அது தாயின் 66 மணிக் கணக்கைப் பின்பற்றிக் குறைகிறது.

கேள்வி: செக்யுலர் சமநிலையில் இரண்டின் அணு எண்ணிக்கையும் சமமா?

பதில்: இல்லை. சமமாவது சிதைவு வீதம். தாயான ரேடியம்-226-இன் அணுக்கள் சேயான ரேடான்-222-இன் அணுக்களைவிட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு அதிகமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் மாதிரியில் சேய் எப்போது உச்சம் அடையும்?

பதில்: தாய் எது, சேய் எது என்று எழுதாதவருக்கு நான் என்ன சொல்வது? சேயின் ஆயுள் தாயினுடையதைவிட நீண்டதாக இருந்தால், உச்சம் உண்டு, சமநிலை இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மதிப்பு தெரிந்த மண் மாதிரியை டப்பாவில் அடைத்து, ஏழாம் நாள் 609 keV கோட்டை அளந்தேன். ரேடியம்-226 அளவு 11 சதவீதம் குறைவாக வந்தது. டிடெக்டர் பழுதா?

பதில்: டிடெக்டரைக் குறை கூறுமுன் மூடியைப் பாருங்கள். இதையே எத்தனை முறை எழுதுவேனோ! அந்தக் கோடு ரேடியத்தினுடையது அன்று, ரேடானுக்குப் பின் வரும் பிஸ்மத்-214-இனுடையது. இடையில் வாயுவாக நிற்கும் ரேடான் வெளியேறினால் கோடும் தாழும். சூத்திரப்படி ரேடானின் உச்சம் 66 நாளில் வரும் என்றாலும் 25 நாளிலேயே 99 சதவீதம் நிறைந்துவிடுவதால், நான்கு வாரம் காத்திருப்பது போதுமானது.

இனி உங்கள் கணக்கு. மணல்மணிகளுக்குள் பிறக்கும் ரேடானில் 20 சதவீதம் வெளியே வருவதாகவும், அடைக்கும்போது அந்தப் பங்கு முழுவதும் போய்விட்டதாகவும் கொள்வோம். காற்றுப் புகாத டப்பாவில் அது ஏழு நாளில் 72 சதவீதம் மீளும் என்பதால் மொத்தக் குறைவு 6 சதவீதத்திற்குள் அடங்கியிருக்க வேண்டும். உங்களுக்கோ 11. ரேடான் சிதையும் அதே வேகத்தில் கசிவும் நடந்தால் இதுபோலத்தான் வரும்.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கசிவு சிதைவோடு சேர்ந்துகொள்வதால் வளர்ச்சி சீக்கிரமே தட்டையாகிவிடும்; அது சமநிலை போலத் தோன்றினாலும், நீங்கள் எத்தனை மாதம் காத்திருந்தாலும் 90 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே ஒருமுறை அளந்து முடிவுசெய்யாதீர்கள். ஐந்தாம் நாளும் முப்பதாம் நாளும் அளவிடுங்கள்: நல்ல டப்பாவில் எண்ணிக்கை 92 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏறும், கசியும் டப்பாவில் 88-இலிருந்து 90-க்கு மட்டுமே ஏறும். இந்த வேறுபாடு தெரிய, ஒவ்வோர் அளவீட்டிலும் கோட்டின் பரப்பு பத்தாயிரம் எண்ணிக்கையையாவது எட்ட வேண்டும். டப்பாவில் வெற்றிடமின்றி மண்ணை நிரப்புங்கள். திருகு மூடியை மட்டும் நம்ப வேண்டாம்.