அட்டை வந்த நாள் கணக்கில்லை, குடியேறிய நாள்தான் கணக்கு

ஐயா, என் மகன் மார்ச் 3-ம் தேதி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். குடியிருப்பு அனுமதி அட்டை ஜூன் 20-ல்தான் கைக்கு வந்தது. மதுரையில் எடுத்த லைசென்ஸும், ஜனவரி வரை செல்லும் சர்வதேச பெர்மிட்டும் இருக்கின்றன. ஜனவரி வரை ஓட்டலாமா? அங்கே மாற்ற டெஸ்ட் உண்டா?
– வாசகர், திருமங்கலம்

செப்டம்பர் தொடக்கத்தோடு அவர் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். ஜெர்மானியச் சட்டப்படி, அங்கே நிரந்தரமாகத் தங்கத் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம் நம் லைசென்ஸ் செல்லும். அட்டை எப்போது வந்தது என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்; குடியேறிய நாளுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் நகராட்சியில் முகவரி பதிந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். சர்வதேச பெர்மிட் நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அதில் ஜனவரி என்று இருப்பதால் 6 மாதம் நீளாது. 12 மாதத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்று காட்டுபவருக்கு நீட்டிப்பு தரலாம். வேலைக்குப் போனவருக்கு அது பொருந்துவது அரிது.

கெடு தாண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். தெரிந்தே காரைக் கொடுத்த நண்பரும் மாட்டுவார்.

கெடு முடிந்தாலும் மாற்றும் உரிமை போகாது, ஓட்டும் உரிமைதான் போகும். ஆனால் விண்ணப்பத்தில் 'என் லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிறது' என்று உறுதி தர வேண்டும். அதனால் மகனின் கார்டில் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். நெருங்கிவிட்டால், காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே இங்கே புதுப்பிக்கலாம். இன்னொன்று: ஜெர்மனியில் குடியேறிய பிறகு விடுமுறைக்கு மதுரை வந்து எடுக்கும் புது லைசென்ஸ் அங்கே செல்லாது.

டெஸ்ட் உண்டு; எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் ஓட்டத் தேர்வு இரண்டும். தேர்வில்லாமல் மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நமக்குள்ள சலுகை, டிரைவிங் ஸ்கூல் வகுப்புகள் கட்டாயமில்லை என்பதுதான். ஆனால் ஓட்டத் தேர்வு ஸ்கூல் காரில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க நடக்கும் என்பதால் ஏதாவது ஒரு ஸ்கூலில் சேர்ந்தே ஆக வேண்டும்.

விண்ணப்பத்தோடு லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, பயோமெட்ரிக் புகைப்படம், கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் இல்லை. 30 கேள்விகள், 10 பிழைப் புள்ளி வரை தேறலாம். ஆனால் 5 புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் 10-க்குள் இருந்தாலும் தோல்விதான். தேறிய 12 மாதத்துக்குள் ஓட்டத் தேர்வை முடிக்க வேண்டும்.

நம்மூரில் பல வருஷம் ஓட்டியவர்கள் ஓட்டத் தேர்வில்தான் சறுக்குகிறார்கள். பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும்; ஹாரன் அடித்து முந்துகிற பழக்கம் அங்கே எடுபடாது. திரும்பும் முன் கண்ணாடியோடு நிறுத்தாமல் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். இரண்டு மூன்று வகுப்பாவது வலப்பக்கச் சாலையில் ஓட்டிப் பழகச் சொல்லுங்கள்.

ஜெர்மன் லைசென்ஸைக் கொடுக்கும்போது நம் லைசென்ஸை வாங்கிக்கொள்வார்கள். இரு பக்கமும் தெளிவாக நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.