வாங்குபவர் அனுப்பிய லிங்கில் வந்த வங்கிப் பக்கம்

"பழைய சாமான் விற்க விளம்பரம் போட்டிருந்தேன். ஒருவர் பணம் கட்டிவிட்டேன், இந்த லிங்கைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். திறந்தால் என் வங்கியின் பக்கம் வருகிறது. விவரம் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அது உங்கள் வங்கியின் பக்கம் இல்லை.

ஒருவேளை கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்றால் (நானும் அன்றிரவு வேறோர் இடத்தில் "என் தோழிக்கு இப்படி நடந்தது" என்றுதான் கேட்டேன்), இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். வங்கியின் செயலியை நீங்களே திறந்து அட்டையை முடக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். மூன்றும் முடிந்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

நான் விற்க நினைத்தது மகளுடைய கீபோர்டு. 61 கட்டைகள், அதில் ஒன்று மட்டும் ஒலிக்காது. அதையும் விளம்பரத்தில் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். அதை வாங்கிய கதையே தனி. இசை வகுப்பு நடத்தியவர் "சின்னதாக வாங்காதீர்கள், பிறகு மாற்ற வேண்டியிருக்கும்" என்று வற்புறுத்தி வாங்க வைத்தார். ஆறு மாதக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். மூன்றாவது மாதம் வகுப்பையே மூடிவிட்டுப் போய்விட்டார். கேட்டால் "விடுமுறை முடியட்டும்" என்றார். எந்த விடுமுறை என்று இன்றுவரை தெரியவில்லை. சரி, அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் அந்தக் கீபோர்டை எப்படியாவது வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பது அதில்தான் இருக்கிறது.

விளம்பரம் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றேன். பேரமே பேசவில்லை. ஒலிக்காத கட்டை எது என்றுகூடக் கேட்கவில்லை. இங்கே பேசுவது வசதியாக இல்லை, எண் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். பிறகு வந்த செய்தி இதுதான்: அவர் வெளியூரில் இருக்கிறார், கூரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார், பணத்தைக் கூரியர் நிறுவனத்திடம் கட்டிவிட்டார், நான் லிங்கைத் திறந்து "பெற்றுக்கொள்கிறேன்" என்று அழுத்தினால் போதும். கட்டியதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்தது.

லிங்கைத் திறந்தேன். என் கீபோர்டு படமே அங்கே இருந்தது, கிளிப் படம் போட்ட எங்கள் வீட்டுப் போர்வை மேல். தலைப்பில் அவசரத்தில் நான் "கீபோட்" என்று பிழையாக எழுதியிருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே இருந்தது. கீழே நான் சொன்ன விலை, "செலுத்தப்பட்டது" என்ற பச்சை எழுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், என்னை நம்ப வைத்தது அந்த எழுத்துப் பிழைதான். என் பொருளுக்காகவே தயாரான பக்கத்தை வேறு யார் தயாரிக்க முடியும் என்று நினைத்தேன்.

யாரும் உட்கார்ந்து தயாரிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த ஆட்கள் கும்பலாக வேலை செய்கிறார்கள். நம் விளம்பரத்தின் முகவரியை டெலிகிராமில் "பாட்" எனப்படும் ஒரு தானியங்கி நிரலிடம் கொடுத்தால் போதும், படம், தலைப்பு, விலை எல்லாவற்றையும் அதுவே உருவி, சில நொடிகளில் போலிப் பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றி ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023இல் விரிவாக எழுதியிருக்கிறது. ஏமாறுகிறவர்களை அந்தக் கும்பல் தங்களுக்குள் "மாமத்" என்று அழைக்குமாம், அழிந்துபோன அந்த மயிர் யானை. படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் வங்கிகளின் சின்னங்கள் வரிசையாக வந்தன. என் வங்கியைத் தொட்டேன். அதே நிறம், அதே எழுத்து, மேலே பூட்டுச் சின்னமும் இருந்தது. அந்தப் பூட்டு சொல்வது, உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாது என்பதை மட்டும்தான். அந்தப் பக்கம் யாருடையது என்று அது சொல்வதில்லை. பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கிக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது முகவரியை. எனக்கு வந்தது கிட்டத்தட்ட இந்த மாதிரி இருந்தது:

```
mybank.com-order8841.example/login
```

கண் முதலில் `mybank.com` என்பதைப் பிடித்துக்கொண்டு திருப்திப்பட்டுவிடும். ஆனால் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் வரைதான் தளத்தின் பெயர், அதையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் உண்மையான உரிமையாளர் `com-order8841.example`. அதற்கு முன்னால் வருவது அவர்கள் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்ச்சீட்டு.

நான் படிக்கவில்லை. ஆனால் என் போன் படித்திருந்தது. வழக்கமாக வங்கிப் பக்கம் திறந்ததும் சேமித்து வைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதுவே நீட்டும். அன்று நீட்டவில்லை. போனுக்குத் தளத்தின் நிறமும் சின்னமும் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும், பெயர் பொருந்தவில்லை. "இதுவும் படுத்துகிறது" என்று போனைத் திட்டிக்கொண்டே கையால் தட்டினேன்.

அப்புறம் அட்டை எண் 16 இலக்கம், காலாவதி மாதம், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம். அதன் பிறகு வந்த பெட்டிதான் உச்சம்: "சரிபார்ப்புக்காக, உங்கள் கணக்கில் தற்போது உள்ள இருப்பு." நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். காசு வரை சரியாக எழுதிக் கொடுத்தேன். என் இருப்பு வங்கிக்குத் தெரியாதா, என்னிடம் ஏன் கேட்கிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எவ்வளவு எடுத்தால் பணம் போதவில்லை என்று திரும்பி வராது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பெட்டி.

"கணக்கு வேலை பார்ப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். காலை பதினொரு மணிக்கு அலுவலக மேசையில் கேட்டிருந்தால் நானே உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பேன். நடந்தது இரவு ஒன்பதரைக்கு. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன், "கூரியர் ஆள் கிளம்பிவிட்டார், சீக்கிரம்" என்று நிமிடத்துக்கொரு செய்தி.

பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அடுத்த முனையில் ஓர் ஆள் என் விவரங்களை உண்மையான ஒரு கடையில் போட்டுக்கொண்டிருந்தான். ஓடிபி வந்தது. செய்தியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, விசைப்பலகைக்கு மேலேயே ஆறு எண்கள் தயாராக நின்றன, தொட்டேன். "குறியீடு காலாவதியாகிவிட்டது, புதியது அனுப்பப்படுகிறது" என்று வந்தது. காலாவதியெல்லாம் ஆகவில்லை. முதல் தொகை போய்விட்டது, அடுத்த தொகைக்கு இரண்டாவது ஓடிபி கேட்கிறார்கள். இரண்டாவது எண் ஏனோ மேலே வரவில்லை. அதனால் செய்தியைத் திறந்தேன், அதனால் படித்தேன். ஏதோ ஒரு கடையின் பெயர், அதற்கு நான் "செலுத்த" வேண்டிய தொகை, கீபோர்டு விலையைப் போல நான்கு மடங்கு.

பக்கத்தின் மூலையில் "உதவி மையம்" என்று ஓர் உரையாடல் பெட்டி இருந்தது. அதில் கேட்டேன். நொடியில் பதில்: "இது சரிபார்ப்புத் தொகை மட்டுமே. உங்கள் பணத்துடன் சேர்ந்து திரும்பி வரும்." அவ்வளவு மரியாதை! தம்பிக்கு அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டான்: "அக்கா, பணம் வாங்குறதுக்கு எதுக்கு ஓடிபி?"

அவ்வளவுதான் விஷயம். பணம் வந்து சேர நம் கணக்கு எண் போதும். கடவுச்சொல், மூன்று இலக்கம், ஓடிபி மூன்றும் பணம் வெளியே போவதற்கான சாவிகள். ஓடிபி செய்தியில் எண்ணைவிட அதைச் சுற்றியிருக்கும் வாக்கியம்தான் முக்கியம். தொகையே இல்லாமல், "அட்டையைப் புதிய சாதனத்தில் சேர்க்க" என்று வந்தால் இன்னும் மோசம். அதைக் கொடுத்தால் உங்கள் அட்டை அவர்கள் போனில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கத் தேவையிருக்காது.

அட்டையை முடக்கினேன். இரண்டாவது தொகை தப்பியது. முதல் தொகை தப்பவில்லை. வங்கியில் புகார் கொடுத்தேன், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பினேன், எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: ஓடிபி சரியாகப் பதிவிடப்பட்டிருப்பதால் இது வாடிக்கையாளர் அனுமதித்த பரிவர்த்தனை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். ஆகவே "எல்லாம் கிடைத்துவிடும்" என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. உடனே அழைத்தால் போகாமல் நிற்பது நிற்கும். போனது திரும்புமா என்பது உங்கள் வங்கியையும் நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதையும் பொறுத்தது.

ஒன்று மறந்துவிட்டேன். நான் அட்டையை முடக்கிய பிறகும் அந்த "உதவி மையம்" விடவில்லை. மன்னிப்புக் கேட்டு, "தவறுதலாக எடுத்த தொகையைத் திருப்பித் தர" என்று இன்னொரு லிங்க் அனுப்பியது. அதிலும் அதே 16 இலக்கம், அதே மூன்று இலக்கம். உங்களுக்கும் வரும். பணம் போன பதற்றத்தில் அதைத் திறக்கத்தான் கை போகும், எனக்குப் போனது. தம்பி இன்னும் அழைப்பில் இருந்ததால் திறக்கவில்லை.

கீபோர்டு கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. போன வாரம் ஒரு பெண்மணி நேரில் வந்தார். 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.