மாதம் 4,300-ஆ, 7,200-ஆ, 23,000-ஆ?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் பிரிண்டிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 40. பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, வீடு மட்டும் சொந்தம். 60 வயதில் கடையை விட்டுவிட்டு மாதம் 30,000 ரூபாய் கையில் வருகிற மாதிரி செய்துகொள்ள நினைக்கிறேன். ஒரு ஏஜென்ட் மாதம் 4,300 கட்டினால் போதும் என்கிறார். வங்கியில் இருக்கும் என் மச்சினர் கணக்குப் போட்டு 7,200 என்றார். இன்னொருவர் 23,000 ஆகும் என்று பயமுறுத்துகிறார். என்னால் இப்போதைக்குப் பத்தாயிரம் எடுத்துவைக்க முடியும். இதில் யார் சொல்வது சரி?

— ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மூவரின் கூட்டல் கழித்தலிலும் பிழை இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு அனுமானத்தை வைத்துக்கொண்டு, அதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மச்சினர் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். 60 வயதில் எவ்வளவு பணம் இருந்தால் 85 வயது வரை, அதாவது 300 மாதம், மாதாமாதம் 30,000 எடுக்க முடியும்? பணம் சும்மா கிடக்காது, மீதிக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்தால் விடை 42.45 லட்சம். அடுத்த கேள்வி, அந்த 42.45 லட்சத்தை 240 மாதத்தில் சேர்க்க மாதம் எவ்வளவு போட வேண்டும் என்பது. சேர்க்கும் காலத்தில் 8 சதவீதம் கிடைத்தால் 7,206 ரூபாய். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ நீங்களே தட்டிப் பார்க்கலாம்:

```
=PV(7%/12, 300, -30000)
=PMT(8%/12, 240, 0, -4244607)
```

முதல் வரி மொத்தத் தொகையையும் இரண்டாவது வரி மாதச் சேமிப்பையும் தரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 60 வயதில் முதல் மாதம் வருகிற வட்டி சுமார் 24,760 தான். 30,000-க்குக் குறைகிற 5,240 ரூபாய் அசலில் இருந்து போகிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், அசலில் கைவைப்பது கூடும். 75 வயதில் 25.84 லட்சம் மீதி இருக்கும், 85 முடியும்போது ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்கு அசல் அப்படியே போக வேண்டும் என்றால் கணக்கே வேறு. அதற்கு அரசின் அடல் பென்ஷன் திட்டம் நல்ல உதாரணம். 40 வயதில் சேர்ந்தவர் மாதம் 1,454 ரூபாய் கட்டினால் 60-லிருந்து மாதம் 5,000 வரும். அவருக்குப் பிறகு அதே தொகை மனைவிக்கோ கணவருக்கோ வரும், இருவருக்கும் பிறகு வாரிசுக்கு 8.5 லட்சம் போகும். 8.5 லட்சத்தில் ஆண்டுக்கு 60,000 என்றால் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். வட்டியை மட்டும் கொடுத்து அசலைத் தொடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதே விகிதத்தில் உங்கள் 30,000-க்கு 51 லட்சம் வேண்டும், மாதம் 8,724 போட வேண்டும். மச்சினரின் 7,200-க்கும் இதற்கும் உள்ள 1,500 ரூபாய்தான் வாரிசுக்கு அசலை விட்டுப்போவதற்கான விலை. (இந்தத் திட்டத்தில் 5,000-தான் உச்சம், 40 வயதோடு கதவு அடைபடும், வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சேர முடியாது. உங்களுக்குப் பொருந்துமானால் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள்.)

இப்போது ஏஜென்ட்டின் 4,300. மேலே உள்ள இரண்டாவது வரியில் 8%-ஐ அழித்துவிட்டு 12% என்று போடுங்கள். 4,291 வரும். அவர் செய்தது அவ்வளவுதான். பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டில் நீண்ட காலத்தில் 12 சதவீதம் கிடைத்த ஆண்டுகளும் உண்டு, கிடைக்காத ஆண்டுகளும் உண்டு. அதை உறுதி போல எழுதிக் கொடுக்கத்தான் கூடாது. அவரை நம்பி 20 ஆண்டு 4,300 போட்டு, கிடைத்தது 8 சதவீதம்தான் என்றால் என்ன ஆகும்? 60 வயதில் 25.3 லட்சம் இருக்கும். அதிலிருந்து மாதம் 30,000 எடுத்தால் 9 வருடம் 8 மாதத்தில் தீர்ந்துவிடும். எழுபதாவது பிறந்தநாளுக்கு முன்பே கை காலி. திரும்பக் கடையைத் திறக்கிற வயதா அது? அதனால் அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எத்தனை சதவீதம் போட்டிருக்கீங்க, அது பாலிசியில் உறுதி என்று எந்தப் பக்கத்தில் இருக்கு?" பக்கத்தைக் காட்ட முடியாவிட்டால் அந்த 4,300-ஐ மறந்துவிடுங்கள்.

மூன்றாவது ஆள் உங்களைப் பயமுறுத்தவில்லை. மற்ற இருவரும் விட்டதை அவர்தான் பிடித்திருக்கிறார்.

என் அப்பா ஒரு மில்லில் வேலை பார்த்து 2004-ல் ஓய்வு பெற்றார். மாதம் 1,410 ரூபாய் பென்ஷன். முதல் மாதம் வந்த பணத்தில் அம்மாவும் அவரும் மளிகைக் கடைக்குப் போய் மாதச் சாமானை வாங்கி, மீதிக்கு ஒரு கிலோ காப்பித்தூளும் வாங்கி வந்தார்கள். அவருடைய பாஸ்புக் இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் 1,410, 1,410, 1,410. கடைசி சில ஆண்டுகளில் அது அவருடைய சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே பற்றவில்லை. பென்ஷன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அப்படியே நின்றதுதான் பிரச்சினை.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 30,000 ரூபாய்ச் செலவு 20 ஆண்டில் 96,200 ஆகிவிடும். அதையே திருப்பிச் சொன்னால், 60 வயதில் உங்கள் கைக்கு வருகிற 30,000-க்கு இன்று 9,350 ரூபாய்க்கு வாங்குகிற சாமான்தான் கிடைக்கும். மாதம் 30,000 வேண்டும் என்று நீங்கள் நினைத்தபோது மனதில் இருந்தது இன்றைய அரிசி விலை, இன்றைய கரண்ட் பில். ஆகவே 96,200 ரூபாய் பென்ஷனுக்குக் கணக்குப் போட்டால் 1.36 கோடி வேண்டும், மாதம் 23,100 போட வேண்டும். மூன்றாமவர் சொன்னது இதுதான். அவர் கணக்கிலும் பென்ஷன் 60-க்குப் பிறகு ஏறாமல் நிற்கிறது, அப்பாவின் பாஸ்புக் மாதிரி. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற வேண்டும் என்றால் 2.43 கோடிவரை போகும்.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். உங்களால் முடிகிற பத்தாயிரத்தை வைத்துப் பார்ப்போம். நீங்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம், ஜெராக்ஸ் ரேட்டும் பிரிண்டிங் ரேட்டும் காலத்துக்கு ஏற்ப ஏறும் என்பது. வருமானம் ஏறும்போது சேமிப்பு மட்டும் ஏன் பத்தாயிரத்திலேயே நிற்க வேண்டும்? முதல் ஆண்டு மாதம் 10,000, அடுத்த ஆண்டு 10,500, அதற்கடுத்து 11,025 என்று ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், 8 சதவீத வட்டியில் 60 வயதில் 85.8 லட்சம் சேரும். அதே பத்தாயிரத்தைக் கூட்டாமல் போட்டுவந்தால் 58.9 லட்சம்தான்.

அந்த 85.8 லட்சத்திலிருந்து 85 வயது வரை மாதம் 60,600 எடுக்கலாம். அப்படி எடுக்காதீர்கள் என்பேன். 60 வயதில் மாதம் 34,000-ல் தொடங்கி ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டி எடுங்கள். எழுபது வயதில் அது 60,000-த்தைத் தாண்டும், அதற்குப் பிறகு மாத்திரைச் செலவு கூடுகிற காலத்தில் பணமும் கூடவே ஏறும். இரண்டு வழியிலும் பணம் 85 வரை வருகிறது. முதல் வழியில் அறுபதுகளில் தாராளம், எண்பதுகளில் தட்டுப்பாடு. இரண்டாவதில் தொடக்கம் கொஞ்சம் இறுக்கம்: இன்றைய விலையில் 10,600 ரூபாய்தான். நீங்கள் ஆசைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு. வாடகை இல்லாத சொந்த வீடு இருப்பதால் இருவர் சாப்பிட்டு எழலாம், ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு இருந்தே ஆக வேண்டும். முழு 30,000-தான் வேண்டும் என்றால் ஓய்வை 60-லிருந்து தள்ளுவது பற்றியும் யோசியுங்கள். ஒவ்வொரு ஆண்டு தள்ளினாலும் போடுகிற ஆண்டு ஒன்று கூடுகிறது, எடுக்கிற ஆண்டு ஒன்று குறைகிறது.

பணத்தை எங்கே போடுவது? பி.பி.எஃப்.-ல் இப்போது 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை, ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். அதில் மாதத் தவணையை 5-ம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், 5-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கிற குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள். ஆனால் பி.பி.எஃப். மட்டும் போட்டால் நான் வைத்த 8 சதவீதம் வராது. ஒரு பகுதியை என்.பி.எஸ். மாதிரி பங்கும் கடன் பத்திரமும் கலந்த இடத்தில் வைத்தால்தான் அந்த எட்டை எட்டிப்பிடிக்க வாய்ப்பு. அங்கே சில ஆண்டுகள் இறங்கும், அப்போது நிறுத்திவிடக் கூடாது. 55 வயதிலிருந்து பங்கில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டிப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். 59 வயதில் சந்தை விழுந்தால் மீட்க உங்களுக்கு நேரம் இருக்காது.

ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலில் கடைக் கணக்கை முடிக்கும்போது, இந்தக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். நான் சொன்னபடி போய்க்கொண்டிருந்தால் 45 வயது முடியும்போது இருப்பு 8 லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். 7 லட்சம்தான் இருக்கிறது என்றால் வட்டி குறைந்திருக்கிறதா, நடுவில் தவணை விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். வட்டி குறைந்திருந்தால் அடுத்த ஆண்டு 5 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதம் கூட்டுங்கள். தவணை விட்டிருந்தால், விட்டதை அந்த ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள்.